12 சதவீதத்தை 12-ஆல் வகுக்கலாமா?

"சார், பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு இப்போது எம்.பி.ஏ. முதலாண்டு படிக்கிறேன். நிதி மேலாண்மைப் பாடத்தில் ஒரு கணக்கு என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. கடன் 5,00,000 ரூபாய். ஆண்டுக்கு 12% வட்டி, அரையாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி. 5 ஆண்டுகளில் சமமான மாதத் தவணைகளில் அடைக்க வேண்டும். (அ) தவணை எவ்வளவு? (ஆ) 24 தவணை கட்டியபின் பாக்கி எவ்வளவு? (இ) அன்றைக்கே 50,000 ரூபாய் கூடுதலாகக் கட்டிவிட்டு அதே தவணையைத் தொடர்ந்தால் இன்னும் எத்தனை மாதம்? முதல் கேள்விக்கு எனக்கு 11,122 வருகிறது, புத்தகத்தின் விடை 11,049. இரண்டாவதுக்கு எனக்கு 3,00,000, என் தோழிக்கு 3,97,772, புத்தகத்தில் 3,34,053. மூன்றாவதை நான் தொடவே இல்லை. எங்கே தப்பு?"
— எம்.பி.ஏ. மாணவி, மதுரை

உங்கள் 11,122 எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. மாதத்துக்கு 1% வட்டி என்று வைத்து 60 மாதத்துக்குத் தவணை கண்டுபிடித்தால் 11,122.22 வரும். ஆகவே சூத்திரத்தைச் சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அதற்குள் வைத்த வட்டி விகிதம் மட்டும் இந்தக் கடனுக்கு உரியதல்ல.

'12%, அரையாண்டுக் கூட்டு வட்டி' என்ற வாசகத்தில் 12 என்பது பெயருக்கு நிற்கும் எண். அதை வைத்து நேரடியாக எந்தக் கணக்கும் போட முடியாது. அந்த வாசகம் உண்மையில் தரும் தகவல் ஒன்றே ஒன்று: ஆறு மாதத்துக்கு 6% வட்டி. 100 ரூபாய் ஆறு மாதம் கழித்து 106 ரூபாய் ஆகும். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒப்புக்கொண்டது இவ்வளவுதான்.

இப்போது நீங்கள் வைத்த மாதம் 1% என்பதைச் சோதித்துப் பாருங்கள். 100 ரூபாயை மாதத்துக்கு 1% வீதம் ஆறு முறை பெருக்கினால் 106.15 ரூபாய் வருகிறது. ஒப்பந்தப்படி வரவேண்டியது 106. அந்த 15 பைசா, மாதா மாதம் வட்டிக்கு வட்டி போட்டதால் வந்தது. ஒப்பந்தத்தில் இல்லாத வட்டி அது. ஓர் ஆண்டுக்குப் பார்த்தால் உங்கள் விகிதம் 12.68% ஆகிறது, புத்தகக் கணக்கின் விகிதம் 12.36%. உங்கள் தவணை 73 ரூபாய் கூடியதற்கு இதுதான் காரணம். 60 மாதத்தில் அது ஏறக்குறைய 4,380 ரூபாய்.

அப்படியானால் மாத விகிதம் எவ்வளவு? ஆறு முறை தன்மேல் தானே கூடினால் சரியாக 6% தரும் எண் எதுவோ, அதுதான். அதாவது 1.06-இன் ஆறாம் மூலம் கண்டு, அதிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும்.

```
i = 1.06^(1/6) - 1 = 0.0097588
```

மாதத்துக்கு 0.97588%. ஒன்றை விடக் கொஞ்சம் குறைவாக வருவதைக் கவனியுங்கள். வட்டி சேரும் காலத்தை விடத் தவணைக் காலம் குறுகியதாக இருந்தால், விகிதம் எப்போதும் நேராக வகுத்து வருவதை விடக் குறைவாகத்தான் இருக்கும். கூடுதலாக வந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளலாம். கால்குலேட்டரில் அடிக்கும்போது 1÷6 என்பதை அடைப்புக்குறிக்குள் போட மறக்காதீர்கள். மறந்தால் அது 1.06-ஐ 6-ஆல் வகுத்து 0.1767 என்று காட்டும். பரீட்சை அவசரத்தில் இந்த 0.1767-ஐயே மாத வட்டியாக எழுதி வைத்த விடைத்தாள்களை நான் திருத்தியிருக்கிறேன். மாதம் 17 சதவீதத்துக்கு மேல் வட்டி!

மாத விகிதம் கிடைத்துவிட்டால் மீதி உங்களுக்குத் தெரிந்த வழிதான்.

```
தவணை = 5,00,000 × i / (1 - (1+i)^-60)
       = 4,879.40 / (1 - 1.06^-10)
       = 4,879.40 / 0.441605
       = 11,049.23
```

நடுவில் (1+i)^60 இருந்த இடத்தில் 1.06^10 என்று மாற்றி எழுதியிருக்கிறேன். 60 மாதம் என்பது 10 அரையாண்டு, ஆகவே இரண்டும் ஒன்றே. இப்படி எழுதினால் அந்தப் பகுதியில் தசமத்தைச் சுருக்கும் தொல்லையே இல்லை. மேலே இருக்கும் i-யை மட்டும் சுருக்காமல் கால்குலேட்டரின் நினைவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 0.98% என்று சுருக்கிக் கணக்கு முழுவதும் அதையே போட்டால் தவணை 11,062 ஆகிவிடும். 12 ரூபாய் தள்ளிப்போகும், விடை ஏன் பொருந்தவில்லை என்று அரை மணி நேரம் தேடிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு தசமத்தில் சுருக்குவது ரூபாய்க்குச் சரி. வட்டி விகிதத்துக்கு ஆறு ஏழு தசமமாவது வேண்டும்.

எக்செல் கையில் இருந்தால் ஒரே வரியில் சரிபார்க்கலாம்:

```
=PMT(1.06^(1/6)-1, 60, -500000)
```

நம் ஊர் வங்கியில் யாரும் அரையாண்டுக் கூட்டு வட்டியில் இஎம்ஐ போடுவதில்லையே, இந்தக் கணக்கு எதற்கு என்று தோன்றலாம். கனடாவில் நிலையான வட்டி வீட்டுக் கடன்கள் இப்படித்தான் இருக்கின்றன. வட்டி அரையாண்டுக்கு ஒருமுறை கூடும், தவணை மாதா மாதம். டொராண்டோவில் வீடு வாங்கிய நம்மவர்கள் கட்டுவது உங்கள் புத்தகத்தில் இருக்கும் இதே கணக்கைத்தான். இந்தியாவில் வங்கிக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2002 ஏப்ரலிலிருந்து மாதாமாதம் வட்டி சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தது. வங்கிக்காரர்கள் அதை 'மன்த்லி ரெஸ்ட்' என்பார்கள். விவசாயக் கடன்களுக்கு அது இல்லை, பயிர் விற்றுக் காசு வரும் காலத்தை ஒட்டி வட்டி சேரும். ஆக, சாதாரண இந்திய வங்கிக் கடனுக்கு நீங்கள் செய்ததுபோல் 12-ஆல் வகுப்பது சரியே. அந்தக் கடனில் '12%' என்ற சொல்லுக்கே 'மாதம் 1%' என்றுதான் பொருள்.

இதற்கு எதிர்த் திசையில் ஒரு வகை இருந்தது. 'ஆனுவல் ரெஸ்ட்' என்று பெயர். வீட்டுக் கடன் கொடுத்த பல நிறுவனங்கள் ஒரு காலத்தில் இதைத்தான் பின்பற்றின. ஆண்டுத் தவணையைக் கணக்கிட்டு, அதை 12-ஆல் வகுத்து, மாதா மாதம் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அசலிலிருந்து கழிப்பது ஆண்டு முடிவில்தான். உங்கள் 5,00,000 ரூபாய்க்கு இந்த முறையில் ஆண்டுத் தவணை 1,38,704.87, மாதத்துக்கு 11,558.74. விளம்பரத்தில் அதே 12% தான். முதல் மாதமே கட்டிய பணம் பதினோரு மாதம் கணக்கில் வராமல் அவர்களிடம் சும்மா இருக்கும், அதற்கு உங்களுக்கு எந்த வட்டியும் கிடையாது. உண்மையில் நடந்த தேதிகளை வைத்து மாதக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் இது ஏறக்குறைய 13.7% வட்டிக் கடன். பணத்தின் கால மதிப்பு என்ற தலைப்பில் பாடப்புத்தகம் பத்துப் பக்கம் சொல்வதை இந்த ஒரு கடன் சொல்லிவிடும்.

சரி, இப்போது பாக்கிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான், ஏனென்றால் நீங்களும் உங்கள் தோழியும் ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளிப்போயிருக்கிறீர்கள்.

நீங்கள் நினைத்தது இது: 60-இல் 24 தவணை முடிந்தது, அதாவது 40% முடிந்தது, ஆகவே அசலிலும் 40% அடைந்திருக்கும், மீதி 3,00,000. ஒவ்வொரு தவணையிலும் ஒரே அளவு அசல் கழிகிறது என்று எடுத்துக்கொண்டால்தான் இது சரி. தோழி, இன்னும் 36 தவணை பாக்கி, 36-ஐ 11,049.23-ஆல் பெருக்கினால் 3,97,772, அதுதான் பாக்கி என்று சொல்லிவிட்டார். அந்தத் தொகைக்குள் இனிமேல் வரப்போகும் மூன்று ஆண்டு வட்டியும் அடங்கியிருக்கிறது. இன்றைக்கே கடனை முடிக்கப் போகிறவர் எதிர்கால வட்டியை ஏன் கட்ட வேண்டும்?

முதல் தவணையைப் பிரித்துப் பாருங்கள். முதல் மாத முடிவில் வட்டி 5,00,000-க்கு 0.97588%, அதாவது 4,879.40 ரூபாய். தவணை 11,049.23. மீதி 6,169.83 தான் அசலில் போகிறது. நீங்கள் நினைத்ததுபோல் 5,00,000-ஐ 60-ஆல் வகுத்த 8,333.33 போகவில்லை. இரண்டாம் மாதம் அசல் 6,169.83 குறைந்திருப்பதால் வட்டியும் கொஞ்சம் குறையும். தவணை மாறாது என்பதால், வட்டியில் குறைந்த அதே தொகை அசல் பக்கம் சேரும். அது எவ்வளவு? போன மாதம் கழிந்த 6,169.83-க்கு ஒரு மாத வட்டி.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், பல புத்தகங்கள் இதைச் சொல்லாமலே போய்விடுகின்றன. ஒவ்வொரு மாதமும் அசலில் கழியும் பகுதி, போன மாதம் கழிந்ததை விடச் சரியாக (1+i) மடங்கு. அதாவது நீங்கள் அடைக்கும் அசலே கூட்டு வட்டியில் வளர்கிறது. முதல் மாதம் 6,169.83. இரண்டு ஆண்டு கழித்து, அதாவது நான்கு அரையாண்டு கழித்து வரும் 25-ஆவது தவணையில் கழியும் அசல் 6,169.83-ஐ 1.06^4-ஆல் பெருக்கியது, 7,789.27. ஆரம்பத்தில் கடன் அசையவே மாட்டேன் என்கிறதே என்று கட்டுகிறவர்கள் புலம்புவதும், கடைசி ஆண்டில் மளமளவென்று கரைவதும் இந்த வளர்ச்சியால்தான்.

இதை வைத்தே முதல் 24 தவணையில் கழிந்த மொத்த அசலைக் கண்டுபிடிக்கலாம். அது ஒரு பெருக்குத் தொடர்.

```
கழிந்த அசல் = 6,169.83 × (1.06^4 - 1) / i
             = 6,169.83 × 26.89645
             = 1,65,946.6
பாக்கி = 5,00,000 - 1,65,946.6 = 3,34,053.4
```

புத்தக விடை வந்துவிட்டது. 24 மாதத்தில் நீங்கள் கட்டியது 2,65,181 ரூபாய். அதில் 1,65,947 அசலுக்கும் 99,235 வட்டிக்கும் போயிருக்கிறது. 40% காலம் முடிந்த பிறகு அசலில் மூன்றில் ஒரு பங்குதான் அடைந்திருக்கிறது.

பரீட்சையில் எழுத இதைவிடச் சுருக்கமான வழி உண்டு. உங்கள் தோழி தொட்டுவிட்டுப் பாதியில் விட்டது அதைத்தான். பாக்கி என்பது இனி வரப்போகும் தவணைகளின் இன்றைய மதிப்பு. 36 தவணைகளை எடுத்துக்கொண்டது சரி, ஆனால் அவை வெவ்வேறு தேதிகளில் வரும் பணம், அப்படியே கூட்டக்கூடாது. ஒவ்வொன்றையும் 24-ஆவது மாத முடிவுக்கு இழுத்து வந்து பிறகு கூட்ட வேண்டும்.

```
பாக்கி = 11,049.23 × (1 - 1.06^-6) / i
       = 11,049.23 × 30.23319
       = 3,34,053
```

36 மாதம் என்பது 6 அரையாண்டு, அதனால்தான் 1.06^-6. தோழி பெருக்கிய 36 என்ற இடத்தில் 30.23319 வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வட்டி விகிதம் பூஜ்யமாக இருந்தால் இந்தக் காரணி 36 ஆகவே இருந்திருக்கும், தோழியின் விடையும் சரியாக இருந்திருக்கும். வட்டியே இல்லாவிட்டால் உங்கள் விடையும் சரியாகத்தான் இருந்திருக்கும். வட்டியுள்ள கடனில் சரியான பாக்கி எப்போதும் உங்கள் எண்ணுக்கும் தோழியின் எண்ணுக்கும் நடுவில்தான் வரும். விடை எழுதியதும் அந்த இரண்டு எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது பத்து விநாடி வேலை.

மூன்றாவது வழி பின்னோக்கிப் பார்ப்பது. யாரும் எதுவும் கட்டாமல் இருந்திருந்தால் 5,00,000 ரூபாய் 24 மாதத்தில் 6,31,238 ஆகியிருக்கும். கட்டிய 24 தவணைகளையும் அதே வட்டியில் அதே தேதிவரை வளர்த்தால் 2,97,185. கழித்தால் 3,34,053. முன்னோக்கிப் பார்த்தாலும் பின்னோக்கிப் பார்த்தாலும் ஒரே எண் வருகிறது. வந்தால்தான் உங்கள் தவணை சரி. தவணையில் சின்னப் பிழை இருந்தாலும் இந்த இரண்டு விடைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அதனால் நேரம் இருந்தால் விடைத்தாளின் ஓரத்தில் இரண்டாவது வழியையும் போட்டுப் பார்ப்பது நல்லது. தவணைத் தொகை எங்காவது ரூபாயில் முழுமையாக்கப்பட்டிருந்தால் மட்டும் முப்பது ரூபாய்க்குள் ஒரு வித்தியாசம் வரும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

எந்த வழியை எடுத்தாலும் முதலில் ஒரு காலக்கோடு போடுங்கள். கோட்டில் 0, 1, 2 என்று மாதங்களைக் குறித்து, 24-இன் மேல் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டால், எந்தத் தேதிக்குப் பணத்தைக் கொண்டுவர வேண்டும் என்ற குழப்பமே வராது. கடன் வாங்கிய நாள் 0, முதல் தவணை 1. கேள்வியில் முதல் தவணை கடன் வாங்கிய அன்றே என்று இருந்தால் முதல் அம்பு 0-இல் விழும். அப்போது தவணையை (1+i)-ஆல் வகுக்க வேண்டும், இந்தக் கடனுக்கு அது 10,942 ஆகும். கேள்வியில் எதுவும் சொல்லவில்லை என்றால் மாத முடிவு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இனி நீங்கள் தொடாமல் விட்ட (இ). 24-ஆவது தவணையோடு 50,000 ரூபாய் சேர்த்துக் கட்டியாயிற்று. பாக்கி 2,84,053.41. தவணை அதே 11,049.23, விகிதம் அதே i. தெரியாதது மாதங்களின் எண்ணிக்கை மட்டும். பாக்கிக்கான சூத்திரத்தையே எடுத்து, n-ஐத் தெரியாததாக வைத்து, மடக்கை எடுத்தால் போதும்.

```
n = -ln(1 - 2,84,053.41 × i / 11,049.23) / ln(1+i)
  = -ln(0.749121) / 0.0097115
  = 29.74
```

உள்ளே இருக்கும் பெருக்கலுக்கு ஒரு பொருள் உண்டு. 2,84,053.41 × i என்பது அடுத்த மாத வட்டி, 2,772 ரூபாய். அதைத் தவணையால் வகுத்தால், தவணையில் எத்தனை பங்கு வட்டிக்கே போகிறது என்று வருகிறது, இங்கே ஏறக்குறைய கால் பங்கு. அந்தப் பங்கு 1-ஐத் தொட்டால் தவணை முழுவதும் வட்டிக்கே போகிறது என்று பொருள், கடன் என்றைக்கும் முடியாது. மாறும் வட்டியில் வாங்கிய நீண்ட காலக் கடன்களில் வட்டி ஏறும்போது தவணையை மாற்றாமல் காலத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இது நடந்துவிடும். கால்குலேட்டர் மடக்கை எடுக்க முடியாமல் 'Math ERROR' காட்டினால் அந்த நிலைமையில்தான் இருக்கிறீர்கள் என்று அறியலாம். அல்லது, பெரும்பாலும், ஆண்டு விகிதத்தை மாத விகிதமாக மாற்ற மறந்திருப்பீர்கள்.

29.74 மாதம் என்று எழுதி நிறுத்தினால் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும், 0.74 மாதத்தில் யாரும் தவணை கட்டுவதில்லை. 29 முழுத் தவணை, 30-ஆவது மாதத்தில் ஒரு குறைந்த தவணை. அந்தக் குறைந்த தவணை எவ்வளவு என்பதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. பலர் 11,049.23-ஐ 0.7436-ஆல் பெருக்கி 8,216 என்று எழுதுகிறார்கள். சரியான விடைக்குக் கிட்டே வருவதால் பலரும் இதைச் சரி என்றே நம்பிவிடுகிறார்கள். மாதத்தின் பின்னப் பகுதியையும் தவணையின் பின்னப் பகுதியையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதால் வரும் பிழை அது. செய்ய வேண்டியது, 29 தவணை கட்டியபின் எவ்வளவு பாக்கி என்று பார்ப்பது. பின்னோக்கிய வழியில் 2,84,053.41-ஐ 29 மாதம் வளர்த்து, 29 தவணைகளின் எதிர்கால மதிப்பைக் கழித்தால் 8,147 வருகிறது. அது 29-ஆவது மாத முடிவின் பாக்கி. 30-ஆவது மாத முடிவில் கட்டும்போது அதற்கு இன்னும் ஒரு மாத வட்டி 80 ரூபாய் சேரும். கடைசித் தவணை சுமார் 8,227 ரூபாய்.

கேள்வியில் 'எவ்வளவு மிச்சம்' என்றும் கேட்டிருந்தால், 50,000 கட்டாமல் இருந்திருந்தால் கட்டவேண்டிய 3,97,772-லிருந்து, இப்போது கட்டும் 50,000, 29 தவணைகள், கடைசி 8,227 எல்லாவற்றையும் கூட்டிக் கழியுங்கள். 19,100 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் வரும். ஆனால் இதை மிச்சம் என்று எழுதும்போது ஜாக்கிரதை. வெவ்வேறு தேதிகளில் உள்ள ரூபாய்களை அப்படியே கூட்டிக் கழித்திருக்கிறோம், தோழி செய்ததைப் போலவே. கடன் விகிதத்தில் எல்லாவற்றையும் 24-ஆவது மாதத்துக்குக் கொண்டுவந்தால் மிச்சம் சரியாகப் பூஜ்யம். 50,000 ரூபாயை இன்று கொடுத்து, அதே 50,000 ரூபாய் மதிப்புள்ள கடைசித் தவணைகளை விலக்கி வாங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அந்தப் பணத்தை வேறெங்காவது போட்டால் வரி போக ஆண்டுக்கு 12.36%-க்கு மேல் கிடைக்குமா என்பதைப் பொறுத்துத்தான் முன்கூட்டிக் கட்டுவது லாபமா என்பது முடிவாகும். இந்த இடத்தில் வங்கி விதிக்கும் கட்டணம் ஏதாவது இருந்தால் அதையும் 24-ஆவது மாதத்திலேயே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கேள்வித்தாளில் கட்டணம் பற்றி எதுவும் இல்லை என்பதால், 29 முழுத் தவணை, 30-ஆவது 8,227 ரூபாய் என்று எழுதி முடித்துவிடுங்கள்.